சோலார் ஃபிரிட்ஜ் வருதாம்: எத்தனை பேனல்னு கேட்காதீங்க, எத்தனை இருட்டு நாள்னு கேளுங்க



எங்க பக்கத்து சுகாதார நிலையத்துக்கு யாரோ வெளியூர் புண்ணியவான் சோலார்ல ஓடுற மருந்து ஃபிரிட்ஜ் ஒண்ணு வாங்கித் தர்றதா ஊர்ல பேச்சு. டீக்கடையில எல்லாரும் கேட்கிறது ஒரே கேள்விதான்: "எத்தனை பேனல் போடுறாங்களாம்? எத்தனை பேட்டரி?" எனக்கு என்னமோ ரெண்டும் தப்பான கேள்வியாத்தான் படுது. கொடுக்கிறவங்க நல்ல மனசோட கொடுக்கிறாங்க, அதுல குறை சொல்ல வரல. ஆனா வீட்டு ஃபிரிட்ஜ் ஒண்ணை வாங்கி, இன்வெர்ட்டரும் நாலு பேட்டரியும் வெச்சு, மாடியில பேனலை மாட்டி ரிப்பன் வெட்டிட்டுப் போனாங்கன்னா, அது ஊசி மருந்துக்கு உதவாது. ஏன்னு சொல்றேன்.

என் நிலத்துல மானியத்துல போட்ட சோலார் மோட்டார் ஓடுது. அதுல பேட்டரி கிடையாது. வெயில் ஏறினா ஓடும், மேகம் மூடினா மெதுவாகும், சாயங்காலம் நின்னுடும். ராத்திரிக்குத் தண்ணி வேணும்னா என்ன செய்றோம்? கரண்டைச் சேத்து வைக்கிறதில்ல, பகல்ல தொட்டியில தண்ணியைச் சேத்து வைக்கிறோம். மருந்து ஃபிரிட்ஜ்லயும் இதே புத்திதான் ஜெயிச்சிருக்கு. கரண்டைப் பேட்டரியில சேக்காம, பகல்ல ஐஸ் கட்டியா உறைய வெச்சு சேத்துடுறது. ராத்திரி அந்த ஐஸ் உருகி உருகிப் பெட்டியைக் குளிரா வெச்சிருக்கும். இதுக்கு டைரக்ட் டிரைவ் ஃபிரிட்ஜ்னு பேரு. பேனல்ல இருந்து வர்ற கரண்டு நேரா கம்ப்ரஸருக்குப் போகுது, நடுவுல பேட்டரி இல்ல.

இது சும்மா வந்த யோசனை இல்ல. 1980கள்லேயே பல நாட்டு கிராம ஆஸ்பத்திரிகள்ல பேட்டரி வெச்ச சோலார் ஃபிரிட்ஜ் போட்டுப் பாத்தாங்க. பேனல் இருபது வருஷம் உழைக்கும், பேட்டரி மூணு, அஞ்சு வருஷத்துல செத்துடும். புதுசு வாங்க அந்த கிராமத்துல யாருகிட்டயும் காசு இருக்காது. சில இடத்துல பேட்டரியில யாராவது டி.வி.யையோ லைட்டையோ மாட்டிடுவாங்க. கடைசியில பேனல் மேல நல்லாவே இருக்கும், கீழ ஃபிரிட்ஜ் பீரோவா மாறியிருக்கும். இதுக்கு ஒரு வழி பாக்கணும்னுதான் யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், கிரீன்பீஸ், டென்மார்க் தொழில்நுட்ப நிறுவனம் இவங்கெல்லாம் சேர்ந்து சோலார்சில்னு ஒரு திட்டத்துல ஐஸ் சேத்து வைக்கிற பெட்டியை உருவாக்கினாங்க. பேட்டரியே உதவாதுன்னும் சொல்லிட முடியாது. சத்தீஸ்கர்ல அரசாங்க நிறுவனமான கிரெடா நூத்துக்கணக்கான ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல பேட்டரியோட சோலார் போட்டு நடத்தியிருக்கு. ஆனா அங்க பராமரிக்கிறதுக்குன்னே ஆள் உண்டு. நம்ம ஊர்ல பேட்டரிக்குத் தண்ணி ஊத்தப் போறது யாரு?

சரி, இப்ப தொட்டி எவ்வளவு பெருசா இருக்கணும்ங்கிற கேள்விக்கு வரலாம். சூரியன் சுத்தமா இல்லாம பெட்டி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும்ங்கிறதுதான் இதுல உயிர்நாடி. உலக சுகாதார நிறுவனம் அங்கீகாரம் கொடுக்கிற சோலார் பெட்டிக்கு குறைஞ்சது மூணு நாள் தாக்குப்பிடிக்கணும்னு விதி வெச்சிருக்கு. வெப்ப நாடுகளுக்கான பெட்டியை 43 டிகிரி அறையில வெச்சு சோதிக்கிறாங்க. திருத்தணிக்காரங்களுக்கு 43ன்னா என்னன்னு நான் சொல்லவே வேணாம். அக்னி நட்சத்திரத்துல தினமும் ராத்திரி செய்தியில நம்ம ஊர் பேரு வர்றது அதனாலதானே.

கணக்கு போடாம எனக்குத் தூக்கம் வராது, ஒண்ணு போட்டுப் பாத்தேன். பெட்டியோட வெளிப்பரப்பு ரெண்டே கால் சதுர மீட்டர் இருக்கும்னு வெச்சுக்கோங்க, சுவர்ல நாலு அங்குலம் ஃபோம். வெளியில 43, உள்ள 5. அப்ப சுவர் வழியா உள்ள நுழையிற சூடு ஏறக்குறைய 20 வாட். ராத்திரி விளக்கு அளவு சூடுதான், ஆனா அது இருபத்தி நாலு மணி நேரமும் நிக்காம நுழையும். ஒரு நாளைக்கு அரை யூனிட் ஆச்சு. ஒரு கிலோ ஐஸ் உருகும்போது முழுங்கிற சூடு ஒரு யூனிட்ல பத்துல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கம்மி. ஆக, ஒரு நாளைக்கு அஞ்சு, அஞ்சரை கிலோ ஐஸ் உருகும். பெட்டிக்குள்ள 20 கிலோ ஐஸ் இருந்தா மூணரை நாளுக்கு மேல வரும். மூடியைத் திறந்து மூடுறது, புதுசா மருந்து வைக்கிறது இதெல்லாம் கழிச்சா மூணு நாள்.

இங்கதான் நம்ம சீமைக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கு. 43 டிகிரி அடிக்கிற மே மாசத்துல சூரியன் மறையவே மறையாது. சூரியன் மறையிறது ஐப்பசி, கார்த்திகையில. வர்தா புயல் வந்தது 2016 டிசம்பர், மாண்டஸ் 2022 டிசம்பர், மிக்ஜாம் 2023 டிசம்பர். அந்த நாள்ல அறைக்குள்ள 26, 27 டிகிரிதான் இருக்கும். அப்ப சூடு நுழையிறதும் ஏறக்குறைய பாதியாயிடும். ஒரு நாளைக்கு மூணு கிலோ ஐஸ்தான் உருகும். அதே 20 கிலோ ஆறு நாள் வரைக்கும் வரும், கழிவு போனாலும் அஞ்சு நாள். அதனால கம்பெனிக்காரங்க "நாலு நாள் தாங்கும்"னு சொன்னா அதோட விட்டுடாதீங்க. எத்தனை டிகிரி அறையில நாலு நாள்னு கேளுங்க. 43லயா, 32லயா? 32ல நாலு நாள் தாங்குற பெட்டியும் 43ல நாலு நாள் தாங்குற பெட்டியும் ஒண்ணு கிடையாது.

ஆனா புயலை விட அதுக்கு அப்புறம் வர்ற வாரம்தான் என்னைப் பயமுறுத்துது. ஐஸ் முழுசும் உருகினப்புறம் ஒரு நாள் வெயில் அடிச்சா எல்லாம் திரும்ப உறைஞ்சிடும்னு நினைக்கிறோம். அப்படி நடக்காது. கம்ப்ரஸர் சின்னது, நூறு வாட்டுக்குக் கீழதான் இழுக்கும். நல்ல வெயில் நாள்லயும் அன்னிக்கு நுழைஞ்ச சூட்டை வெளியேத்தினது போக, மிச்சத்துல நாலஞ்சு கிலோ ஐஸ்தான் புதுசா கட்டும். 20 கிலோ நிரம்ப நாலு நல்ல நாள் வேணும். கார்த்திகையில தொடர்ந்து நாலு நல்ல நாள் யாரு கொடுப்பாங்க? ஒரு தாழ்வு மண்டலம் போய் அஞ்சாம் நாள் அடுத்தது வரும். காலி தொட்டியோட ரெண்டாவது மழையைச் சந்திக்கிற மாதிரி ஆயிடும். அதனால பேனலை கோடைக் கணக்குல போடக் கூடாது, டிசம்பர் கணக்குல போடணும். வருஷத்துலயே வெயில் குறைஞ்ச மாசம் எதுவோ அதை வெச்சுத்தான் அளவு எடுக்கணும். சராசரி வெயில்னு யாராவது சொன்னா, சராசரி மழைன்னு சொல்லி நம்மளை ஏமாத்துறவங்க ஞாபகம் வரட்டும்.

நிழல் விஷயமும் டிசம்பர் விஷயம்தான். ஏப்ரல் கடைசியில நம்ம ஊர்ல உச்சி வேளையில நிழல் காலடியிலேயே விழும். அப்ப வந்து இடம் பாக்கிறவரு, "மரம் தள்ளி இருக்கு, பரவாயில்ல"ன்னு சொல்லிட்டுப் போவாரு. டிசம்பர்ல சூரியன் தெற்கே சாயும். தெற்குப் பக்கம் பேனலை விட முப்பது அடி உயரமா ஒரு வேப்ப மரம் இருந்தா, உச்சி வேளையிலேயே இருபத்திரண்டு அடிக்கு நிழல் நீளும். காலை ஒன்பது மணிக்குத் தென்கிழக்குல நிக்கிற மரத்தோட நிழல் நாப்பத்தஞ்சு அடி தாண்டும். பேனல்ல ஒரு ஓரத்துல நிழல் விழுந்தாலும் மொத்தக் கரண்டும் பாதாளத்துக்குப் போயிடும், சோலார் மோட்டார் வெச்சிருக்கிறவங்களுக்கு இது தெரியும்.

இவ்வளவும் சூடு ஏறாம பாத்துக்கிற கதை. இதுல பாதிதான் விஷயம். மீதிப் பாதியை நம்ம ஆளுங்க கவனிக்கிறதே இல்ல: அதிகமா குளிர்ந்துடக் கூடாது.

தடுப்பூசிக்கு 2ல இருந்து 8 டிகிரி. 8க்கு மேல போனா கெட்டுப்போகும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஹெபடைட்டிஸ் பி, குழந்தைங்களுக்குப் போடுற பென்டாவேலன்ட், டி.டி. மாதிரி ஊசிகள் உறைஞ்சா அதோட முடிஞ்சது. அந்த மருந்துல அலுமினிய உப்பு கலந்திருக்கும். உறைஞ்சு உருகினா அது திரிதிரியா ஆயிடும், பால் திரிஞ்ச மாதிரி. அப்புறம் போட்டாலும் பலன் போயிருக்கும், போட்ட இடத்துல வலிதான் மிச்சம். போலியோ சொட்டு மருந்து, தட்டம்மை மருந்துக்கு உறையிறதால ஆபத்து இல்ல, அதுங்களுக்கு சூடுதான் எமன். ஒரே பெட்டியில ரெண்டு ஜாதியும் இருக்கு. நம்ம மாட்டுக்குப் போடுற கோமாரி தடுப்பூசியும் உறையக் கூடாத ஜாதிதான், கால்நடை டாக்டருங்க ஐஸ் மேல நேரா வைக்க விடாதது அதுக்குத்தான்.

சூட்டுல கெட்டா கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒரு வசதி இருக்கு. குப்பி மேல ஒரு வட்டம், அதுக்குள்ள ஒரு சின்ன சதுரம். சூடு பட பட சதுரம் கருக்கும், வட்டத்தோட நிறத்துக்கு வந்துட்டா தூக்கிப் போட்டுடணும். உறைஞ்சதை அந்தச் சதுரம் காட்டாது. குப்பி பளிச்சுன்னு நல்லாவே இருக்கும், உள்ள மருந்து செத்திருக்கும். சந்தேகம் வந்தா குலுக்கிப் பாக்கிற சோதனை ஒண்ணு உண்டு. அதே பேட்ச்ல ஒரு குப்பியை வேணும்னே உறைய வெச்சு உருக்கி, அதையும் சந்தேகப்பட்ட குப்பியையும் சேத்து குலுக்கி, அரை மணி நேரம் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும். சந்தேகக் குப்பியும் உறைஞ்ச குப்பி அளவுக்கே வேகமா அடியில வண்டல் தங்கினா, அதுவும் உறைஞ்சதுதான்.

எது அவசரம்ங்கிறதை அந்த வெப்பநிலைக் கருவியோட அலாரத்தை வெச்சே புரிஞ்சுக்கலாம். 8 டிகிரிக்கு மேல தொடர்ந்து பத்து மணி நேரம் இருந்தாத்தான் அது கத்தும். பூச்சியத்துக்கு அரை டிகிரி கீழ போய் ஒரு மணி நேரம் இருந்தாலே கத்திடும். சூட்டுக்குப் பத்து மணி, குளிருக்கு ஒரு மணி.

வீட்டு ஃபிரிட்ஜ் ஏன் ஆகாதுன்னா இதுக்காகத்தான். அதோட பின் சுவரு பக்கம், ஃப்ரீஸருக்கு அடியில எல்லாம் பூச்சியத்துக்குக் கீழ போயிட்டு வரும். நம்ம வீட்டுல கொத்தமல்லி கருகிப்போற மூலை ஞாபகம் இருக்கா, அங்க குப்பியை வெச்சா அவ்வளவுதான். கதவு முன்னாடி திறக்கிறதால, திறக்கும் போதெல்லாம் குளிர் காத்து காலடியில கொட்டிடும். கரண்ட் போனா சில மணி நேரத்துல சூடாயிடும். மருந்துப் பெட்டி மேல திறக்கிற மாதிரி இருக்கும், அரிசிப் பானை மாதிரி. குளிர் காத்து கனம், திறந்தாலும் உள்ளேயே உக்காந்திருக்கும்.

ஐஸை வெச்சுக்கிட்டே உறையாம பாத்துக்கிறது எப்படின்னா, அதுல ஒரு வழி எனக்கு ரொம்பப் பிடிச்சது. தண்ணிக்கு 4 டிகிரியிலதான் கனம் அதிகம். அதை விடக் குளிர்ந்தா லேசாகி மேல வந்துடும், அதனாலதான் ஐஸ் மிதக்குது. பெட்டியைச் சுத்தித் தண்ணி நிரப்பி, மேல் பக்கம் மட்டும் உறைய வெச்சா, 4 டிகிரித் தண்ணி கீழ இறங்கி மருந்து அறையைச் சுத்தி நிக்கும். ஷ்யூர் சில்னு பேரு இதுக்கு, நம்ம நாட்டுல கோத்ரெஜ் கம்பெனியே இந்த முறையில மருந்துப் பெட்டி செஞ்சிருக்கு. வேற கம்பெனிகளும் வேற வழியில அதையே சாதிக்கிறாங்க. வாங்கிறவங்க கேட்க வேண்டியது, ஆள் கவனிச்சாலும் கவனிக்காட்டியும் தானாவே உறையாம காக்குமாங்கிறதுதான். அங்கீகாரப் பட்டியல்ல அதுக்கு "ஏ" கிரேடுன்னு போட்டிருப்பாங்க. கூடைக்குள்ள வெச்சாத்தான் உறையாது, அடியில வெச்சா உறையும்னு இருக்கிறது அதுக்குக் கீழ உள்ள கிரேடு. லீவுல போற நர்ஸம்மாவுக்குப் பதிலா வர்றவங்களுக்கு அந்தக் கூடை விஷயம் தெரியாம போகலாம்.

இப்ப என் கருத்தைப் பச்சையா சொல்லிடுறேன், சிலருக்குப் பிடிக்காது. நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு சோலார் பெட்டி அவசியமாங்கிறதே எனக்கு சந்தேகம். அங்க ஏற்கெனவே ஐ.எல்.ஆர். இருக்கு. அதுவும் சுவருக்குள்ள ஐஸ் வெச்சிருக்கிற பெட்டிதான், கரண்டுல ஓடும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் கரண்ட் வந்தாலே ஐ.எல்.ஆர். போதும், அதை விடக் கம்மியா வர்ற இடத்துக்குத்தான் சோலார்னு உலக அளவுல வழிகாட்டி இருக்கு. நம்ம ஊர்ல எட்டு மணி நேரத்துக்கு மேலயே கரண்ட் வருது. நம்ம பிரச்னை புயல் அடிச்சுக் கம்பம் சாஞ்சா மூணு நாள், நாலு நாள் கரண்ட் வராததுதான். ஐ.எல்.ஆர். 43 டிகிரியில குறைஞ்சது இருபது மணி நேரம் தாங்கணும்னு விதி, நாலு நாளுக்கு மேல தாங்கிறதும் விக்குது. அப்படிப்பட்ட ஒண்ணை வாங்கிக் கொடுத்தாலே பாதி வேலை முடிஞ்சது, கூட ஒரு நல்ல ஸ்டெபிலைசரும். சோலார்தான் போட்டோவுல அழகா வரும், அது தெரியும்.

துணை சுகாதார நிலையத்துல வைக்கலாம்னு ஒரு பேச்சும் இருக்கு. புதன்கிழமை தடுப்பூசி நாளன்னிக்கு கிராம சுகாதார செவிலியர் மருந்தைச் சின்னப் பெட்டியில, நாலு ஐஸ் பேக் நடுவுல வெச்சுத்தான் எடுத்துட்டு வர்றாங்க. அந்த ஐஸ் பேக்கையும் ஃப்ரீஸர்ல இருந்து எடுத்த கையோட வைக்கக் கூடாது. வெளியில வெச்சு, வேர்த்து, குலுக்கினா உள்ள தண்ணி சத்தம் கேக்கணும், அப்புறம்தான் வைக்கணும். உறையிற பயம் அங்கேயும் விடாது. சாயங்காலம் மிச்சத்தைத் திருப்பிக் கொண்டு போறாங்க. இங்கேயே ஒரு ஃபிரிட்ஜ் வெச்சா அலைச்சல் மிச்சம்னு தோணும். ஆனா வெச்ச நாள்ல இருந்து காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை டிகிரி பாத்து நோட்டுல எழுதணும். ஞாயித்துக்கிழமையும், ஆடிக் கிருத்திகையும் சேத்துத்தான். நாலு ஊருக்கு ஒரே செவிலியர். அவங்க தங்கிற இடமா இருந்தா மட்டும் வைக்கலாம். இல்லைன்னா அலாரம் கத்தினாலும் கேக்கிறதுக்கு ஆள் இல்ல. போனுக்குச் செய்தி அனுப்புற கருவி வெச்சாலும், வந்து பாக்கிறதுக்கு ஒருத்தர் வேணுமே. நாய்க்கடி ஊசி நம்ம ஊர்லயே கிடைச்சா நல்லதுதான், அதுக்கும் 2ல இருந்து 8 வேணும். அந்த ஆசையில நானும் இருக்கேன்.

எல்லாத்தையும் மீறி சோலார்தான்னு முடிவாச்சுன்னா, வந்து இறங்கின அன்னிக்கே மருந்தை உள்ள வைக்க விடக் கூடாது. காலிப் பெட்டி நாலஞ்சு நாள் ஓடி, ஐஸ் முழுசா கட்டி, ராத்திரி பகல் ரெண்டும் 2க்கும் 8க்கும் நடுவுல நிக்குதான்னு எழுதிப் பாக்கணும். அப்புறம் ஒரு நாள் பேனல் மேல தார்ப்பாயைப் போட்டு மூடிடுங்க. மூணு நாள் மூடியே இருக்கட்டும். மூணாவது நாள் சாயங்காலம் டிகிரி 8க்குள்ள நின்னா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கலாம். தார்ப்பாய் என்கிட்ட இருக்கு, களத்துல நெல்லு மூடுறது, தர்றேன்.

அடுத்த வாரம் பஞ்சாயத்துல இதைப் பத்திக் கூடிப் பேசப் போறாங்களாம். கட்டடத்துக்குத் தெற்கே இருக்கிற வேப்ப மரத்தை அளக்க ஒரு டேப் எடுத்துட்டு வாங்க. மலையடிவாரத்துக் குரங்குங்க பேனல் வயரைப் பிடிச்சு ஆட்டாம இருக்க என்ன செய்யலாம்னும் யாராவது யோசிச்சு வெச்சா நல்லது. என் மோட்டார் வயருக்கு நான் பழைய பி.வி.சி. பைப்புதான் மாட்டியிருக்கேன், இதுவரைக்கும் தாங்குது.